மீனு, தேனு, மானு

அன்புள்ள அண்ணா,

தண்டையார்பேட்டையில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் டிசைனராக இருக்கிறேன். வாசகமும் பெரும்பாலும் நான்தான் எழுதுவேன். காசிமேட்டில் வறுத்த மீன் கடை போடும் ஒருவருக்கு 'காசிமேட்டு மீனு, கடிச்சா தேனு, தின்னா துள்ளுவ மானு' என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்குப் பிடித்துவிட்டது. கூட வந்த மகள் 'ரொம்பப் பழசா இருக்குப்பா' என்று சொல்லிவிட்டார். எதுகை மோனை எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? சிலேடை போட்டாலும் சில நேரம் இதே பேச்சு வருகிறது. எது எடுபடும், எது திணித்த மாதிரி தெரியும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

இலக்கணத்தில் குறையே இல்லை. மீனு, தேனு, மானு மூன்றிலும் முதல் எழுத்து நெடில், இரண்டாம் எழுத்து 'னு'. நல்ல எதுகை. காசிமேட்டுக்கும் கடிச்சாவுக்கும் மோனை இருக்கிறது. ஆனால் வறுத்த மீன் தேன் மாதிரியா இருக்கும்? காரமும் உப்புமாக, ஓரம் மொறுமொறுவென்று இருக்க வேண்டிய பண்டம் அது. கடைக்காரரிடம் போய் 'உங்க மீன் எப்படி இருக்கும்?' என்று கேட்டால் அவர் தேன் என்ற சொல்லை எடுத்திருக்கவே மாட்டார். மீனுக்கு எதுகை வேண்டும் என்பதால் தேன் வந்தது, தேன் வந்ததால் மானும் வந்தது. திணித்த மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். எதுகைக்காக உள்ளே வந்த சொல்லை எடுத்துவிட்டு, அந்தச் செய்தியைச் சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். அப்படி ஒரு செய்தியே இல்லை என்றால் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இல்லை.

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்ற பழமொழியைப் பாருங்கள். பந்தி, முந்து, பிந்து மூன்றிலும் இரண்டாம் எழுத்து 'ந்'. பந்தியும் படையும் மோனை. நாலு சொல்லில் இவ்வளவு ஓசை இருந்தும் எந்தச் சொல்லும் ஓசைக்காக வந்ததாகத் தெரியவில்லை. முந்துவதும் பிந்துவதும்தான் அங்கே பேச்சே. அந்த இரண்டில் எதை எடுத்தாலும் ஓசையோடு பொருளும் போய்விடும்.

பழசாகத் தெரிவது வேறு விஷயம். மீன் என்றதும் தேன் வரும், அன்பு என்றதும் பண்பு வரும், காதல் என்றதும் மோதல் வரும் என்று படிப்பவருக்கு முன்பே தெரியும். அவர் மனசுக்குள் முடித்துவிட்ட வரியை நீங்கள் இரண்டாவது தடவை முடிக்கிறீர்கள். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. வந்தான், நின்றான், வென்றான் என்று வினை முடிவுகள் தாமாகவே ஒத்து ஒலிக்கும். இந்த இயைபுக்கு எழுதுபவர் எதுவும் செலவழிக்க வேண்டாம். அதனால் அதை மட்டும் நம்பிய வாசகம் சீக்கிரம் சலிக்கும். ஒலி வேர்ச்சொல்லிலேயே பொருந்தும்போதுதான் காது நின்று கேட்கும்.

மூன்று மூன்றாக அடுக்குவதற்கும் ஒரு காலம் இருந்தது. 1949-ல் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்தது உங்கள் பக்கத்து ராயபுரம் ராபின்சன் பூங்காவில். அந்த மேடைகளில் அறிஞர் அண்ணாவின் அடுக்குமொழிக்குக் கூட்டம் கட்டுண்டு கிடந்தது. அது காதுக்கு எழுதிய தமிழ். முதல் அடுக்கைக் கேட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் அதன் சுவையே. பேனரைப் படிப்பது கண். டி.எச். ரோட்டில் பைக்கில் போகிறவர் மூன்று அடுக்கையும் ஒரே பார்வையில் பார்த்துவிடுவார். காத்திருக்க அவருக்கு ஒன்றும் இல்லை. சின்ன வாசகத்துக்கு இரண்டு அடுக்கு போதும். அந்தப் பெண் சொன்னதில் பாதி, அந்த மூன்றாவது மானைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

சரி, அந்தக் கடைக்கு என்ன எழுதலாம்? முதலில் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மீன் எங்கே வாங்குகிறார், எதில் வைத்துக் கொடுக்கிறார்? விடியற்காலையில் கரைக்கு வரும் ஃபைபர் படகுகளில் சங்கராவோ நெத்திலியோ வாங்கி, சாயங்காலம் வறுத்து, வாழை இலை நறுக்கில் வைத்துக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால்:

காலையில் வலையில்
மாலையில் இலையில்

காலை, மாலை ஒரு நெடில் ஜோடி. வலை, இலை ஒரு குறில் ஜோடி. நாலும் 'யில்' என்று முடிகிறது. இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் அவர் கடையில் நடக்கும் ஒரு காரியம். மீன் என்ற சொல்கூட வேண்டாம், வறுத்த சங்கரா படம் ஒன்றைப் பக்கத்தில் போட்டால் போதும். இரண்டு வரியாகவே உடையுங்கள். ஒரே வரியில் நீட்டினால் காலைக்குக் கீழே மாலையும் வலைக்குக் கீழே இலையும் வராது. கண்ணுக்குக் கிடைக்கும் எதுகை அதுதான்.

ஆனால் அவர் விசைப்படகு மீன் வாங்குகிறவர் என்றால் இந்த வாசகம் பொய். அந்தப் படகுகள் பல நாள் கடலில் தங்கி, மீனை ஐஸில் போட்டுக்கொண்டு வரும். காசிமேட்டில் சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலத்தின் 61 நாளும் அவர் என்ன விற்பார் என்றும் கேளுங்கள். தட்டில் கொடுப்பவர் என்றால் 'இலையில்' போய்விடும், அதோடு எதுகையும் போய்விடும். அப்போது 'இன்று காலை கரைக்கு வந்த மீன்' என்று எதுகையே இல்லாமல் எழுதுங்கள். அதுவும் பொய்யாகிற நாட்கள் இருந்தால், மீன் பெயரையும் விலையையும் மட்டும் பெரிசாகப் போடுங்கள்.

சிலேடைக்கும் இதே உரைகல்தான், இன்னும் கொஞ்சம் கறாராக. காளமேகம் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாடினார். 'தோலுரிக்கும்' என்றால் பாம்புக்கும் உண்மை, பழத்துக்கும் உண்மை. இரண்டு பக்கமும் உண்மையாக இல்லாவிட்டால் அது சிலேடை இல்லை, வெறும் ஒலி. மீன் கடைகளுக்கு ''மீன்'மையான சுவை' என்று எழுதுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மேன்மை என்ற சொல்லை உடைத்து மீனைச் செருகியிருக்கிறது. மீனுக்கு மேற்கோள் குறி போட்டு, சிவப்பு நிறமும் கொடுத்தால்தான் புரியும். நிறம் கொடுத்துக் காட்ட வேண்டிய சிலேடையை விட்டுவிடுங்கள்.

நம் பக்கத்துப் பேச்சில் நல்ல சிலேடைகள் ஏராளம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜூஸ் கடைக்கு 'பழம் இருக்கப் பயம் ஏன்?' என்று எழுதினால், படிக்கிறவர் வாயில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. 'ழ', 'ய' இரண்டும் இடையினம் என்பதால் யாப்பிலக்கணமும் இதை இடையின எதுகை என்று ஏற்றுக்கொள்ளும். ஆனால் 'பயம்' என்றே இரண்டு இடத்திலும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் நம் உச்சரிப்பை வெளியாள் கேலி செய்வது போல ஆகிவிடும். எழுத்தில் பழமாக இருந்து, வாயில் பயமாக மாறுவதுதான் அதன் அழகு.

கடைசியாக ஒன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கடையில் கண்ணீர் அஞ்சலி பேனரும் அடிப்பீர்கள். 'மறைந்தாலும் மறவோம்' எத்தனையோ சுவர்களில் பார்த்த வாசகம். அதை மாற்றாதீர்கள். 'மற' என்ற ஒரே ஒலியில் இருந்து போனவரும் இருப்பவர்களும் இரண்டு பக்கமாகப் பிரிகிறார்கள், ஓசை அங்கே வேலை செய்கிறது. அதோடு, துக்க வீட்டுக்காரர் புதுமை தேடி உங்களிடம் வருவதில்லை. எல்லாரும் சொல்வதையே தன் அப்பாவுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் வருகிறார். அங்கே புது எதுகை ஒன்றை நீங்கள் கண்டுபிடித்தால் படிப்பவர் கண் உங்கள் சாமர்த்தியத்துக்குப் போய்விடும், படத்தில் இருப்பவர் முகத்துக்குப் போகாது.

அன்புடன்,
அண்ணன்