500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகிறது?

கேள்வி: சென்னையில் வீட்டு மின் இணைப்பு. போன தடவை 480 யூனிட்டுக்கு 1,679 ரூபாய் வந்தது. இந்த தடவை 512 யூனிட்டுக்கு 2,141 ரூபாய். 32 யூனிட்டுக்கு 462 ரூபாயா? பில்லில் இருக்கும் ஆங்கிலச் சொற்களும் புரியவில்லை.

பதில்: கணக்கில் பிழையில்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு விலைப்பட்டியல்கள் உண்டு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றால் ஒன்று, தாண்டினால் இன்னொன்று.

2024 ஜூலை முதலான கட்டணப்படி, முதல் பட்டியலில் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. உங்கள் 480 யூனிட்டுக்கு 235 + 940 + 504 = 1,679.

500-ஐத் தாண்டினால் 2.35 என்ற படி காணாமல் போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.70. 401 முதல் 500 வரை அதே 6.30, அதற்கு மேல் 600 வரை 8.40. ஆக 512 யூனிட்டுக்கு 1,410 + 630 + 100.80 = 2,140.80. 501-வது யூனிட்டைத் தொட்டதுமே 235 ரூபாய் கூடிவிடுகிறது. கடைசி 12 யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் விலை என்று பலரும் நினைப்பது இதனால்தான் தவறு.

அடுத்து, ரீடிங் எடுத்த தேதிகளைப் பாருங்கள். கணக்கெடுப்பவர் நான்கு நாள் தாமதமாக வந்திருந்தால் அது 64 நாள் உபயோகம். நாளுக்கு 8 யூனிட். 60 நாளில் வந்திருந்தால் 480-தான். அடுத்த முறை 56 நாளில் வந்தால் 448 யூனிட், 1,477.40 ரூபாய் என்று குறையும். ஆனால் நஷ்டம் ஈடாகாது: இரண்டு பில்லும் சேர்ந்து 3,618.20. இரண்டு முறையும் 480 என்றால் 3,358-தான். தாமதத்தின் விலை 260 ரூபாய். அறுபதாம் நாளில் மீட்டரைத் தேதி தெரிய போட்டோ எடுத்து வைத்திருந்தால், பிரிவு அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக முறையிட ஆதாரம் இருக்கும். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடும். kWh என்று வரும்போது எடுங்கள், யூனிட் என்பது அதுதான். kVAh, kW எண்கள் இதற்கு உதவாது.

இனி சொற்கள். ‘பிரீவியஸ் ரீடிங்’ முந்தைய அளவு, ‘பிரசென்ட் ரீடிங்’ இப்போதைய அளவு. இரண்டின் வித்தியாசமே உங்கள் யூனிட். ‘சி.சி. சார்ஜ்’ மின் நுகர்வுக் கட்டணம். மேலே போட்ட கணக்கு இதற்குத்தான். ‘டாரிஃப்’ என்பது கட்டணப் பிரிவு. வீட்டுக்கு I-A என்றிருக்க வேண்டும், V என்றிருந்தால் வணிக இணைப்பு. ‘அரியர்ஸ்’ பழைய பாக்கி. ‘பி.பி.எஸ்.சி.’ தாமதமாகக் கட்டியதற்கான கூடுதல் தொகை. ‘டெபாசிட்’ என்று தனியாகக் கேட்டால் அது வைப்புத்தொகை. உங்கள் பெயரில் இருக்கும் பணம் என்பதால் அதை யூனிட் கணக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.