யாருடைய குடை?

கேள்வி: கனவுக்கு வெளிப்படை உள்ளடக்கம், உள்ளுறை உள்ளடக்கம் என்று இரண்டு இருப்பதாக ஃப்ராய்ட் சொல்கிறாராமே? ஒரு சாதாரணக் கனவை வைத்து விளக்குவீர்களா? என் கனவில் அடிக்கடி குடை வருகிறது. அதற்கு என்ன பலன்?

பதில்: குடை என்று எழுதிவிட்டீர்கள்; இனி அதை மடக்கி வைப்பது என் கையில் இல்லை. கனவுப் பலன் எழுதுகிறவர்களைக் கேட்டால், ஒருவர் புகழ் என்பார், அடுத்தவர் கடன் என்பார், மூன்றாமவர் விரித்த குடையா மடக்கிய குடையா என்று கேட்டு உங்களை இன்னும் கலவரப்படுத்துவார். அவர்களோடு எனக்குள்ள பகை பழையது. அவர்களைவிட என்னை எரிச்சலூட்டுகிறவர்கள், ஃப்ராய்டை அரைகுறையாகப் படித்துவிட்டுக் குடை என்றதும் கண்ணைச் சிமிட்டுகிறவர்கள். ஃப்ராய்ட் தம் குறியீட்டுப் பட்டியலில் கைத்தடியோடு குடையையும் சேர்த்து, அது விரிவதைக் காரணம் காட்டி ஆண்குறிக்கு இணையாக வைத்தது உண்மைதான். ஆனால் 1899 நவம்பரில் வெளிவந்து, முகப்பில் 1900 என்று ஆண்டு அச்சிடப்பட்ட அவருடைய கனவு நூலின் முதல் பதிப்பில் குறியீடுகளுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. பிந்திய பதிப்புகளில்தான் அந்தப் பகுதி பெருத்தது. பெருக்கியவரே, குறியீடு துணைக்கருவி மட்டுமே, கனவு கண்டவருக்குத் தோன்றும் நினைவுத் தொடர்புகளே முதன்மையானவை என்றும் எழுதி வைத்தார்.

ஆகவே உங்கள் குடையைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். என் நண்பர் ஒருவரின் குடையைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய அனுமதி இருக்கிறது.

அவர் கண்டது இவ்வளவுதான்: ரயில் பெட்டியில் கீழ்ப் படுக்கையில் அமர்ந்திருக்கிறார். மேல் படுக்கையில் யாரோ ஒரு குடையை விரித்து வைத்திருக்கிறார். அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பரிசோதகர் வந்து, பென்சிலால் பலகையைத் தட்டியபடி, "இது உங்கள் பெயரில் இல்லை" என்கிறார். நண்பருக்குக் கோபமே வரவில்லை. குடை நனைந்துவிடுமே என்ற கவலைதான் நெஞ்சை அடைக்கிறது. விழித்தெழுந்து அவர் சொன்ன இந்த நாலு வரிக்குத்தான் வெளிப்படை உள்ளடக்கம் என்று பெயர். நனைவதற்கென்றே இருக்கும் பொருள் நனைந்துவிடுமே என்று ஒருவர் பதறுவதில் கதையாக எந்தப் பொருளும் இல்லை.

ஃப்ராய்டின் முறை, கனவைக் கதையாகப் படிக்காமல் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் மனத்தில் எழுவதைத் தணிக்கை செய்யாமல் சொல்லச் செய்வது. நண்பரும் அப்படியே சொன்னார். குடை: முந்தின நாள் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அங்கே மறந்துவிட்டு வந்தது. பகலின் எச்சம் என்று ஃப்ராய்ட் குறிப்பிடுவது இதைத்தான். கனவு தன் மூலப்பொருளில் ஒரு பகுதியையாவது அன்றைக்கோ முந்தின நாளோ நடந்த அற்ப விஷயங்களிலிருந்து எடுத்துக்கொள்ளும். குடையிலிருந்து நினைவு அப்பாவிடம் தாவியது: மழையில் பள்ளிக்கு நடக்கும்போது அவர் குடையை அண்ணன் பக்கமே சாய்த்துப் பிடிப்பார், இவருடைய ஒரு தோள் எப்போதும் நனைந்திருக்கும். மேல் படுக்கை: சிறுவயதுப் பயணங்களில் சண்டை போட்டும் இவருக்குக் கிடைக்காத இடம். பரிசோதகரின் வாக்கியம்: அன்று காலையில் பார்சல் கொண்டுவந்தவர் வாசலில் சொன்னது. கனவில் வரும் பேச்சு பெரும்பாலும் விழிப்பில் கேட்டதன் ஒட்டுத்துண்டுதான் என்பது ஃப்ராய்டின் கவனிப்பு. ஆனால் அதே வாக்கியம் இன்னோர் இடத்திலும் பொருந்தியது. அப்பா விட்டுப்போன வீடு இவர் பெயரில் இல்லை, அண்ணன் பெயரில் இருக்கிறது.

இப்படிச் சேர்ந்து வந்த நினைவுகளும் மனக்குறைகளும்தான் உள்ளுறை உள்ளடக்கம். கனவு நாலு வரி. இது பக்கக் கணக்கில் ஓடும். இதை அதுவாக மாற்றும் வேலைக்குக் கனவுப்பணி என்று பெயர். பரிசோதகரைப் பாருங்கள்: தொப்பி பார்சல்காரருடையது, குரல் ஒரு பழைய ஆசிரியருடையது, பென்சிலைத் தட்டும் பழக்கம் அண்ணனுடையது. மூவர் ஓர் உடம்புக்குள் புகுந்திருக்கிறார்கள், இது செறிவாக்கம். அண்ணன்மீது வரவேண்டிய உணர்ச்சி அவரை விட்டு நழுவி, யாருக்கும் தீங்கில்லாத ஒரு துணிக்குடையின்மீது கவலையாகப் போய் உட்கார்ந்துகொண்டது, இது இடமாற்றம். பொருளுக்கும் உணர்ச்சிக்கும் அளவு பொருந்தாத இடத்தில், உணர்ச்சியை நம்பு, பொருளைச் சந்தேகி என்பதே இங்கே கடைப்பிடிக்க வேண்டிய வழி.

ஃப்ராய்டுக்கு இது போதாது. கனவு ஒரு விருப்பத்தை நிறைவேற்ற வேண்டும் என்பார். இந்தக் கனவில் அது எங்கே என்று நண்பர் கேட்டார். பெயர் இல்லை என்று சொன்ன பிறகும் பரிசோதகர் அவரை இறக்கிவிடவில்லை, ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார் என்று சொன்னேன். என் பெயரில் இல்லாவிட்டாலும் என்னை யாரும் வெளியேற்ற முடியாது என்பது மோசமான ஆறுதல் இல்லையே என்று சிரித்தார்.

நான் அதோடு விடவில்லை. கனவை மறுபடி சொல்லச் சொன்னேன். இது ஃப்ராய்டே கையாண்ட உத்தி: இரண்டாம் முறை எந்த இடத்தில் சொற்கள் மாறுகின்றனவோ, அங்கேதான் மாறுவேடம் பலவீனமாக இருக்கிறது என்று கொள்வது. இந்த முறை நண்பர், "மேல் படுக்கையில் யாரும் இல்லை, குடை மட்டும் விரித்திருந்தது" என்றார். முதல் முறை இருந்த ஆள் எங்கே போனார் என்று கேட்டேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணனின் இடம் காலியாக வேண்டும் என்ற விருப்பத்தை எந்த மனிதரும் விழித்திருக்கும்போது தம்முடையது என்று ஒப்புக்கொள்ள மாட்டார்; அதற்காகத்தான் இத்தனை ஒப்பனை என்பது ஃப்ராய்டின் கோட்பாடு.

இது சரியான விளக்கம் என்று எப்படித் தெரியும்? நண்பர் ஆமாம் என்று தலையாட்டியதால் இல்லை. கேட்பவரின் ஆமாமும் இல்லையும் தம்மளவில் சான்றாகா, அதன்பின் கேளாமலே புதிய நினைவுகள் வருகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும் என்று 1937-இல் ஃப்ராய்ட் எழுதினார். நண்பருக்கு இரண்டு நாள் கழித்து, அண்ணன் காய்ச்சலில் கிடந்த ஓர் இரவும், அன்று மேல் படுக்கை தமக்கே என்று தாம் மகிழ்ந்ததும் நினைவுக்கு வந்தன. இது பலமான அறிகுறிதான், ஆனால் நிரூபணம் ஆகாது. விழித்த பின் எழும் தொடர்புகள் கனவை உண்டாக்கியவைதாமா, அல்லது கனவைப் பார்த்துப் பிறகு பின்னப்பட்டவையா என்பதை இந்த முறை தன்னளவில் பிரித்துக் காட்டாது. எந்த நாலு வரியைக் கொடுத்தாலும் அண்ணன்மீது மனக்குறை உள்ளவர் அண்ணனிடம்தான் போய்ச் சேருவார். 1977-இல் ஹாப்சன், மெக்கார்லி என்ற இரண்டு மனநல மருத்துவர்கள், உறக்கத்தில் மூளைத்தண்டு கிளப்பும் சமிக்ஞைகளை மேல்மூளை ஒட்டவைத்துக் கதையாக்குவதே கனவு என்றார்கள். அந்தக் கணக்கில் குடைக்குள் ஒளிந்திருக்க யாரும் தேவையில்லை. விருப்ப நிறைவேற்றம் என்ற விதியும் எல்லாக் கனவுக்கும் செல்லாது. போரிலும் விபத்திலும் அதிர்ச்சியுற்றவர்கள் அதே காட்சிக்கு இரவுதோறும் திரும்புவதைக் கண்டு, 1920-இல் அவற்றை ஃப்ராய்டே விலக்காக ஒதுக்கிவைத்தார்.

இருந்தும் ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி. 1925-இல் அவர் சேர்த்த ஓர் அடிக்குறிப்பு, தம் சீடர்களையே கடிந்துகொள்கிறது: முன்பு வெளிப்படை உள்ளடக்கமே கனவு என்று நினைத்தார்கள், இப்போது உள்ளுறைதான் கனவு என்று நினைக்கிறார்கள், இரண்டும் இல்லை, ஒன்றை இன்னொன்றாக்கும் அந்தப் பணிதான் கனவின் சாரம் என்கிறார். அண்ணன்மீது பொறாமை என்பது ஊரறிந்த சமாச்சாரம், அதைக் கண்டுபிடிக்கக் கனவு வேண்டாம். அந்தப் பொறாமை ஒரு குடையின் ஈரமாக மாறிய விதம்தான் அந்த மனிதர் ஒருவருக்கே உரியது. உங்கள் குடையையும் அப்படியே பாருங்கள்: எங்கே மறந்தீர்கள், யார் பிடித்தார்கள், யார் நனைந்தார்கள். பலனை எனக்கு எழுத வேண்டாம்.