பேட்டர்ன் சரி, எத்தனை பங்கு வாங்கினீர்கள்?

கல்லூரி நிதி மன்றத்தில் 15 நிமிடம் பேசச் சொன்னார்கள். விலைப்படத்தில் உருவம் தெரிவது ஒன்று, அதில் எவ்வளவு பணத்தைப் பணயம் வைக்கிறோம் என்பது வேறு, இரண்டாவதைப் பற்றி விதி இல்லாதவனுக்கு முதலாவது உதவாது என்பதுதான் பேச்சு. நேரம் முடிந்தும் சீட்டுகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றுக்கான பதில்கள் இங்கே.

ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ், கப் அண்ட் ஹேண்டில், ட்ரையாங்கிள், இதில் எதற்கு வெற்றி விகிதம் அதிகம் சார்?

விகிதத்தை விடுங்கள், ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் பேட்டர்ன் பத்துக்கு நான்கு முறைதான் ஜெயிக்கிறது என்று வையுங்கள். தோற்றால் 1,000 ரூபாய், ஜெயித்தால் 2,000. பத்து ட்ரேடில் 8,000 வரவு, 6,000 செலவு, கையில் 2,000 நிற்கிறது. அடிக்கடி தோற்கிற முறைதான், ஆனாலும் லாபம்.

இப்போது அந்த ஆறு தோல்வியில் ஒன்றில் மட்டும் "திரும்பி வரும்" என்று நம்பி, இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு எனப் போட்டிருந்த ஸ்டாப்பை எடுத்துவிட்டீர்கள், அது 5,000 ஆகிவிட்டது. மொத்தச் செலவு 10,000. லாபம் போய் 2,000 நஷ்டம். பேட்டர்ன் மாறவில்லை, வெற்றி விகிதமும் மாறவில்லை, ஒரே ஒரு நாள் கை நடுங்கியது, அவ்வளவுதான். பேட்டர்ன் பொய் என்று திட்டுகிற பலருடைய கணக்கைத் திறந்தால் இப்படி ஒரு பெரிய ஓட்டைதான் தெரியும்.

அண்ணா, 1% ரிஸ்க் என்றால் ஒரு லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குத்தான் பங்கு வாங்க வேண்டுமா?

இல்லை தம்பி, இதைத்தான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மொத்தப் பணத்தில் 1%, அதாவது ஆயிரம் என்பது ஒரு ட்ரேடில் தோற்றால் போகிற தொகை, வாங்குகிற தொகை அல்ல. ஒரு பங்கு அசெண்டிங் ட்ரையாங்கிளை உடைத்துக்கொண்டு 500-ல் மேலே வருகிறது, கடைசிப் பள்ளத்துக்குக் கீழே 485-ல் ஸ்டாப் வைக்கிறீர்கள். பங்குக்கு 15 ரூபாய் ரிஸ்க். 1,000-ஐ 15-ஆல் வகுத்தால் 66 பங்கு. அதன் விலை 33,000 ரூபாய். மீதிப் பணம் சும்மா இருக்கட்டும்.

ஸ்டாப் எங்கே என்று படம் சொல்ல வேண்டும், பங்கு எத்தனை என்று ஸ்டாப் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் முதலில் 200 பங்கு என்று முடிவு செய்துவிட்டு, அப்புறம் வலிக்காத இடமாகப் பார்த்து ஸ்டாப்பைத் தேடுகிறார்கள்.

நான் ஸ்டாப் வைத்தால் சரியாக அதைத் தொட்டுவிட்டு மேலே போகிறது. ஆபரேட்டர்கள் பார்த்துத்தானே செய்கிறார்கள்?

பாதி சரி. ஒரே பள்ளத்தைப் பார்த்து எல்லாரும் அதற்கு இரண்டு ரூபாய் கீழே ஸ்டாப் வைப்பதால் அங்கே விற்பனை ஆர்டர்கள் குவிந்திருக்கும், பெரிய அளவில் வாங்க வேண்டியவருக்கு அந்த இடம் வசதி. ஆனால் உங்கள் 66 பங்கை யாரும் குறிவைக்கவில்லை. இதற்கு மருந்து ஸ்டாப்பை நீக்குவதும் இல்லை. 475-க்கு இறக்குங்கள், ரிஸ்க் 25 ஆகும், பங்கை 40 ஆக்குங்கள். தோற்றால் போவது அதே ஆயிரம்தான்.

குறையும்போது இன்னும் வாங்கி ஆவரேஜ் செய்வதுதான் புத்திசாலித்தனம். என் மாமா ஐ.டி.சி.யில் அப்படித்தான் 2020-ல் வாங்கினார், இன்று நல்ல லாபம். ஸ்டாப் லாஸ் பயந்தவர்களுக்கு.

மாமாவுக்கு வாழ்த்துகள். அவர் கம்பெனியைப் பார்த்து வாங்கி, டிவிடெண்டும் வாங்கிக்கொண்டு காத்திருந்தார். நீங்கள் ட்ரையாங்கிள் பார்த்து வாங்கினீர்கள். அந்த ட்ரையாங்கிள் உடைந்தபின் பங்கை வைத்திருக்க உங்களிடம் என்ன காரணம் மிச்சம்? இதே ஆவரேஜை யெஸ் பேங்கில் செய்தவர்களும் உண்டு. 2018 ஆகஸ்டில் 400-ஐத் தொட்ட பங்கு அது, வழியெங்கும் இதற்குக் கீழே போகாது என்று நம்பவைத்த சப்போர்ட் கோடுகள். 2020 மார்ச்சில் 20-க்கும் கீழே.

இந்தப் பதிலுக்கு மேல் சண்டை தொடங்கிவிட்டது.

(வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர்) நீங்கள் சொல்வதில் ஓட்டை இருக்கிறது. 2018 செப்டம்பர் 21 அன்று யெஸ் பேங்க் ஒரே நாளில் ஏறக்குறைய 29% விழுந்தது, தலைவரின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி சுருக்கிய சேதி. அன்று ஸ்டாப் வைத்தவனுக்கு அவன் கேட்ட விலை கிடைத்திருக்குமா?

கிடைத்திருக்காது. நல்ல கேள்வி. 485-ஐத் தொட்டால் ஆர்டர் உயிர் பெறட்டும் என்று ட்ரிகர், 484-க்குக் கீழே விற்காதே என்று லிமிட் வைத்திருக்கிறீர்கள், காலையில் 460-ல் திறக்கிறது என்றால் ஆர்டர் உயிர் பெற்று அப்படியே தொங்கும், விற்காது. சாதாரண ஸ்டாப் ஆர்டர் அன்று மாலையோடு காலாவதி என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். டெலிவரிக்கு, நாள்கணக்கில் காத்திருக்கும் ஜிடிடி ஆர்டர் போட வேண்டும், அதுவும் இந்த விலை இடைவெளியைத் தாண்ட உதவாது. அன்றைக்கு அனுமதித்த கீழ் எல்லையான லோயர் சர்க்யூட்டைத் தொட்டுவிட்டால் வாங்க ஆளே இல்லை.

(மாமாவைப் பற்றிச் சொன்னவர் மறுபடியும்) அப்போ ஸ்டாப்பே வீண் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்!

இல்லை. 33,000 ரூபாய்ப் பங்கு 29% விழுந்தால் 9,570 போகும். வலிக்கும், ஆனால் 90,000 மிச்சம். முழு லட்சத்தையும் போட்டவனுக்கு 29,000 போகும், அதை மீட்க அவன் மிச்சப் பணத்தில் கிட்டத்தட்ட 41% சம்பாதிக்க வேண்டும். ஸ்டாப் கைவிடும் நாளிலும் காப்பாற்றுவது அளவு. அதனால்தான் ரிசல்ட், தேர்தல் முடிவு போன்ற நாட்களுக்கு முந்தைய மாலை பாதியையாவது குறைப்பேன். வங்கிக்காரர் மொத்தமாக வெளியே வர வேண்டும் என்கிறார். தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4 அன்று நிஃப்டி கிட்டத்தட்ட 6% விழுந்ததைப் பார்த்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

பழைய சார்ட்டில் பார்த்தேன், டபுள் பாட்டம் 70% வேலை செய்கிறது. எனக்கும் ரூல்ஸ் வேண்டுமா?

முடிந்துபோன படத்தில் டபுள் பாட்டம் என்று நீங்கள் குறித்தவை பெரும்பாலும் ஏறியவை. ஏறாத பலவற்றுக்கு நீங்கள் அந்தப் பெயரே வைத்திருக்க மாட்டீர்கள். படத்தின் வலது பக்கத்தை ஒரு தாளால் மூடி, ஒவ்வொரு நாளாக நகர்த்தி, வாங்கும் விலை, ஸ்டாப், அளவு மூன்றையும் முதலில் எழுதிவைத்துவிட்டு மீண்டும் எண்ணுங்கள். 70 அப்படியே நிற்காது.

எந்த பேட்டர்ன் பெஸ்ட்?

முதல் பதில்.

எஃப் அண்ட் ஓ-வில் சீக்கிரம் பணம் வரும் என்கிறார்களே, எந்த பேட்டர்ன் பார்க்க வேண்டும்?

திரும்பவும் பேட்டர்ன்! செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ, அதாவது ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் ட்ரேட் செய்த தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம். படிக்கும்போது வேண்டாம். டெலிகிராம் டிப்ஸ் குழுவும் வேண்டாம், அங்கே யாரும் அளவு சொல்வதில்லை.

லாபத்துக்கு வரி எப்படி?

ஆடிட்டரிடம் கேளுங்கள்.

என்னிடம் பத்தாயிரம்தான் இருக்கிறது. 1% என்றால் 100 ரூபாய். இது நடக்குமா?

இன்று வந்த கேள்விகளில் எனக்கே முழு விடை இல்லாதது இதுதான். 100 ரூபாய் ரிஸ்க்கில் 3,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கினால் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1% எஸ்.டி.டி. வரி, அப்புறம் விற்கும்போது டீமேட் கட்டணம். அது பங்கு எத்தனையானாலும் ஒரே தொகை, சில புரோக்கரிடம் 15 ரூபாயைத் தொடும். ரிஸ்க்கில் ஐந்தில் ஒரு பங்கு கட்டணத்துக்கே போய்விடும். 2% ஆக்கலாம், ஆனால் தொடர்ந்து ஐந்து தோல்வி வந்தால் பத்தில் ஒரு பங்கு போகும், 40% வெற்றி முறையில் அப்படி ஐந்து வருவது அதிசயமே இல்லை. நான் 2% வைத்து மாதம் இரண்டு ட்ரேடோடு நிறுத்தச் சொல்வேன். வங்கிக்காரர், பணம் சேரும்வரை எழுதிப் பழகு, போடாதே என்கிறார்.