போனில் அழித்த விரல் எங்கே போகிறது? கேள்வி பதில்

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அக்கா: "என் போன்ல தம்பி மகன் தன் விரலையும் சேர்த்துட்டான். லிஸ்ட்ல விரல் 1, 2, 3-னுதான் இருக்கு. எது அவனுது? அழிச்சா மிச்சம் ஏதாவது இருக்குமா?"

அக்கா, விரலைத் தொடுவதற்கு முன்னால் பின் நம்பரை மாற்றுங்கள். அது தெரியாமல் யாரும் விரல் சேர்க்க முடியாது. பையனுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்புறம் அந்த லிஸ்ட்டைத் திறந்துவைத்து உங்கள் விரலை சென்சாரில் வையுங்கள். பல போன்களில் பொருந்தும் வரி ஒரு கணம் நிறம் மாறும். உங்கள் விரல் எதற்கும் மாறாத வரிதான் அவனுடையது. நிறமே மாறாத போன் என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்கள் விரலை மட்டும் புதிதாகச் சேருங்கள். புது விரல் சேர்ந்ததும் பேங்க் ஆப் பெரும்பாலும் பாஸ்வேர்டு கேட்கும். பழைய விரல்களை நம்பி அது உருவாக்கிய சாவி செல்லாமல் போவதுதான் காரணம், பயப்பட வேண்டாம். ஆனால் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் இருந்தது விரலின் படம் அல்ல. ரேகைகள் எங்கே பிரிகின்றன, எங்கே முடிகின்றன என்பது போன்ற கணக்கு. பிராசஸருக்குள் இருக்கும் பாதுகாப்பான பகுதியின் சாவியால் அதைப் பூட்டி வைத்திருக்கும். எந்த ஆப்புக்கும் அது போகாது. "ஆம், இவர்தான்" என்ற பதில் மட்டும்தான் போகும். வரியை அழித்தால் அந்தக் கணக்கும் அழிகிறது.

மிஞ்சுவது வேறு. அந்த விரலால் போனைத் திறந்து பையன் தன் லேப்டாப்பில் உங்கள் வாட்ஸப்பை இணைத்திருந்தால், விரல் போனாலும் இணைப்பு போகாது. Linked devices-ஐத் திறந்து பாருங்கள்.

லாஸ்பேட்டை நண்பர்: "அழிச்ச போட்டோவையே ரெகவரி சாஃப்ட்வேர் எடுத்துடுது. ரேகை மட்டும் எப்படிப் போகும்? ஒரு போன்ல ரேகை படமாவே கிடைச்சுதே."

பாதி சரி. அந்த போன் எச்டிசி ஒன் மேக்ஸ். ரேகையை எந்த ஆப்பும் படிக்கக்கூடிய படக்கோப்பாக வைத்திருந்ததை 2015-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியே சொன்னார்கள், அந்த ஓட்டையை நிறுவனம் சரிசெய்துவிட்டது. இன்றைய போனில் மெமரியில் ஏதாவது தடயம் தங்கினாலும், அது பூட்டிய குப்பைதான். சாவி சிப்பை விட்டு வெளியே வராது.

நெல்லிக்குப்பம் தம்பி, செக்யூரிட்டி வேலை: "அண்ணே, சிப்பை விட்டு வராதுன்னு அடிச்சுச் சொல்லாதீங்க. 2016-ல குவால்காம் சிப்போட பாதுகாப்பான பகுதியான டிரஸ்ட்ஸோனை உடைச்சு டிஸ்க் சாவியையே எடுத்தாங்க."

உண்மை, என் வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன். அப்டேட் வராத பழைய போனுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். அதற்கு ஃபேக்டரி ரீசெட்தான் நல்லது. அது பழைய சாவிகளையே தூக்கி எறிகிறது.

லாஸ்பேட்டை நண்பர்: "அப்ப நான் சொன்னதுதானே சரி!"

இல்லை. ரெகவரி சாஃப்ட்வேர் செய்வது வேறு, சிப்பின் ஓட்டையைத் தேடி உடைப்பது வேறு. சண்டே மார்க்கெட்டில் போன் வாங்குகிறவரிடம் இரண்டாவது வித்தை இருக்காது என்பது என் கருத்து. தம்பி அதை ஏற்கவில்லை, அவர் வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

முதலியார்பேட்டை: "போன்ல ரேகையை அழிச்சா ரேஷன் கடையில விரல் விழாதா?"

விழும். ஆதார் ரேகை தனியாக இருக்கிறது, போனுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கடலூர் முதுநகர்: "ஃபேஸ் அன்லாக்கை அழிச்சுட்டேன். ஆனாலும் போட்டோ ஆப் என் முகத்தைத் தனியாப் பிரிச்சுக் காட்டுதே?"

அது வேறு முகக் கணக்கு. போன் திறக்கும் முகம் போனுக்குள்ளேயே இருக்கும். கூகுள் போட்டோஸ் பிரிப்பது உங்கள் கூகுள் அக்கவுண்டில் இருக்கும் படங்களை வைத்து. அந்த ஆப்பின் செட்டிங்ஸில் முகங்களைச் சேர்த்துக் காட்டுவதை நிறுத்துங்கள். ஐபோன் பற்றிக் கேட்டவர்களுக்கும் இங்கேயே: Reset Face ID அழுத்தினால் பூட்டு திறக்கும் முகம் மட்டும்தான் போகும்.

வில்லியனூர்: "டிஸ்ப்ளே செத்துப்போச்சு. அப்படியே விக்கலாமா?"

போனுக்கு இன்டர்நெட் கிடைத்தால் கூகுளின் Find Hub வழியாக அழிக்கலாம். கிடைக்காவிட்டால் விரல் உள்ளேயேதான் இருக்கும், பூட்டியபடி. என் கவலை விரலைப் பற்றியது அல்ல. முன்பு நான் வேலை பார்த்த ஒரு சர்வீஸ் கடையில் வாடிக்கையாளரின் பின்னை எழுதி போன் முதுகிலேயே ஒட்டுவார்கள். ஒரு போன் அந்த ஸ்டிக்கரோடு கைமாறியது. பூட்டும் சாவியும் ஒன்றாகப் போனது. போன் சர்வீஸிலிருந்து திரும்பி வந்ததும் பின் நம்பரை மாற்றுங்கள்.

அரியாங்குப்பம்: "விரலை அழிச்சா போதும்ல?"

மேலே மஞ்சக்குப்பம் அக்காவுக்கு எழுதியதைப் படியுங்கள். இதே கேள்வி நான்காவது முறை வருகிறது.

மஞ்சக்குப்பம் அக்கா மறுநாள்: "அழிச்ச விரல் திரும்ப வந்துடுச்சு அண்ணே! பேங்க் ஆப்பும் திடீர்னு பாஸ்வேர்டு கேட்டுச்சு."

அழித்தது தானாக வராது அக்கா. யாரோ புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள், பேங்க் ஆப் அதைத்தான் காட்டிக்கொடுத்தது. பின் நம்பரை மாற்றினீர்களா?