கடை மூத்தவனுக்கு என்றால் மற்ற இரண்டு பேருக்கும் என்ன?

கேள்வி: எனக்கு வயது 57. ஹட்டனில் ஹார்ட்வெயார் கடையும் இரண்டு லொறியும் பிரைவட் லிமிடெட் கம்பனியாக இருக்கின்றன. 1,200 பங்கும் என் பெயரில்தான். கடைக் கட்டடம் என் சொந்தம். மூத்த மகன் என்னோடு கடையில் நிற்கிறான். மகள் கண்டியில் ஆசிரியை, சின்னவன் கொழும்பில் வேலை. கடை மூத்தவனுக்குப் போகவேண்டும், ஆனால் மற்ற இருவருக்கும் குறை வரக்கூடாது. காப்புறுதி எடுத்துச் செய்யலாம் என்கிறார்கள். எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. முடியுமா?

பதில்: முடியும் ஐயா. ஆனால் காப்புறுதி இதில் கடைசியாக வரவேண்டிய வேலை. பலர் முதலில் பொலிசியை எடுத்துவிட்டுப் பிறகு சட்டத்தரணியைத் தேடுகிறார்கள். பணம் ஒரு பக்கம், பங்கு ஒரு பக்கம் என்று நிற்பது அதனால்தான்.

நீங்கள் ஒன்றும் எழுதிவைக்காமல் போனால் என்ன நடக்கும் என்று முதலில் பாருங்கள். யாழ்ப்பாணத்துத் தேசவழமை மலையகக் குடும்பங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்குப் பொதுச் சட்டம், அதாவது 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்தான். அதன்படி பாதி உங்கள் மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. 1,200 பங்கில் அம்மாவுக்கு 600, பிள்ளைகளுக்குத் தலா 200. காலையில் கடை திறக்கிற மகனிடம் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். மற்ற மூவரும் சேர்ந்தால் அவனை இயக்குநர் பதவியிலிருந்தே எடுத்துவிடலாம். எடுக்கமாட்டார்கள்தான், ஆனால் நாளைக்கு மருமகனும் மருமகளும் அந்த மேசைக்கு வருவார்கள்.

இனி செய்யவேண்டியது. கம்பனியின் பெறுமதி, கடன்களைக் கழித்து, 6 கோடி ரூபா என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு 50,000 ரூபா. இப்போதே பிள்ளைகள் மூவருக்கும் தலா 100 பங்கை எழுதிக்கொடுங்கள், உங்களிடம் 900 இருக்கட்டும். இதனால் மூவரும் பங்குதாரர்களாகி, உங்களோடு ஒரே பங்குதாரர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கலாம். உங்கள் 900 பங்கையும் பிள்ளைகளுக்குச் சமமாக, தலா 300 என்று மரணசாசனத்தில் எழுதுங்கள். அப்போது ஒவ்வொருவருக்கும் 400. ஒப்பந்தம் சொல்லவேண்டியது இதுதான்: அப்பா காலமானதும் மகளும் சின்னவனும் தங்கள் 400 பங்கையும் மூத்தவனுக்கு விற்றே ஆகவேண்டும், அவனும் வாங்கியே ஆகவேண்டும். ஆளுக்கு 2 கோடி, மொத்தம் 4 கோடி. 'விரும்பினால் வாங்கலாம்' என்று எழுதினால் அந்த ஒப்பந்தத்தால் பயனில்லை.

ஒப்பந்தம் கையெழுத்து வைத்தவர்களை மட்டும்தான் கட்டும். மகளுக்கு ஏதாவது நேர்ந்தால் அவளுடைய பங்கில் பாதி அவள் கணவனுக்குப் போகும், அவர் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை. அதனால் பங்கு வெளியே போகுமுன் மற்றப் பங்குதாரர்களுக்கே முதலில் கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையை, ஆர்ட்டிகிள்ஸ் எனப்படும் கம்பனி விதிகளிலும் சேர்த்துவிடுங்கள். அதற்கு 75 வீத வாக்கோடு விசேட தீர்மானம் வேண்டும். இன்று அது உங்கள் ஒருவர் கையில் இருக்கிறது. மரணசாசனத்தை நொத்தாரிசின் முன் இரண்டு சாட்சிகளோடு எழுதுங்கள், அது ஒப்பந்தத்தோடு ஒரு வரியிலும் முட்டக்கூடாது.

அப்புறம் காப்புறுதி. உங்கள் உயிரின் மேல், மூத்தவனை உரிமையாளராக வைத்து எடுக்கவேண்டும். மகனுக்கு உங்கள் உயிரில் என்ன பண நலன் என்று காப்புறுதிக் கம்பனி கேட்கும். 4 கோடிக்குப் பங்கு வாங்கக் கடமைப்பட்டவன் என்று காட்டும் ஒப்பந்தம்தான் அதற்குப் பதில். ஒப்பந்தம் முதலில் என்று நான் சொல்வது இதனால்தான். நாமினியாக மனைவியின் பெயரைப் போடாதீர்கள். பணம் அவரிடம் போகும், 4 கோடி கொடுக்கும் கடமை மட்டும் மகன் தலையில் மிஞ்சும்.

கம்பனியையே பொலிசிக்கு உரிமையாளராக்கலாமே என்று உங்கள் கணக்காளர் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. 4 கோடி கம்பனிக் கணக்கில் விழுந்ததும் கம்பனியின் பெறுமதி 10 கோடியாகிவிட்டது, எங்கள் மூன்றில் இரண்டு பங்கு 6.67 கோடி என்று மற்ற இருவரும் கேட்கலாம். ஓவர்டிராஃப்ட் கொடுத்த வங்கியும் அந்தப் பணத்தில் கை வைக்கப் பார்க்கும். போதாததற்கு, கம்பனி தன் பங்கைத் தானே வாங்குவதென்றால் 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டப்படி, வாங்கிய பிறகும் கடனடைக்கும் வலு இருக்கிறது என்று இயக்குநர்கள் காட்டவேண்டும். அப்பா போன கையோடு அதைக் காட்டுவது லேசில்லை.

சீனி வருத்தத்தை மறைக்காதீர்கள். மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள், பிரீமியம் கூடும், கேட்கும் தொகை முழுவதும் கிடைக்காமலும் போகலாம். மறைத்து எடுத்த பொலிசியில் பணம் கேட்கும்போதுதான் மறுப்பார்கள், அப்போது பதில் சொல்ல நீங்கள் இருக்கமாட்டீர்கள். 2.5 கோடிக்குத்தான் பொலிசி கிடைத்தது என்று வையுங்கள். மகளுக்கும் சின்னவனுக்கும் உடனே தலா 1.25 கோடி. மீதி 75 இலட்சம் வீதம், ஐந்து வருடத்தில் என்றால் ஆளுக்கு மாதம் 1.25 இலட்சம். இரண்டு பேருக்கும் 2.5 இலட்சம், வட்டி தனி. காப்புறுதியே இல்லாவிட்டால் கடை மாதம் 6.67 இலட்சம் இறக்கவேண்டும். உங்கள் கடையின் மாத இலாபத்தை இந்த இரண்டு எண்களுக்கும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தவணை முறையை எப்படியும் எழுதத்தான் வேண்டும். டேர்ம் பொலிசி குறித்த வயதோடு முடிந்துவிடும், நீங்கள் 85 வயது வரை இருந்தால் அதிலிருந்து ஒரு சதமும் வராது. கடைசித் தவணை கட்டும்வரை அந்தப் பங்குகள் ஈடாக இருக்கட்டும். பொலிசிப் பணமும் பங்கும் ஒரே நேரத்தில் கைமாற, நடுவில் ஒரு நம்பிக்கைப் பொறுப்பாளரை வையுங்கள். ஒவ்வொரு வருடமும் பிரீமியம் ரசீது மற்ற இருவருக்கும் போகவேண்டும் என்று ஒரு வரியையும் சேருங்கள். மகன் கட்ட மறந்து பொலிசி காலாவதியானது மூன்றாம் வருடம் தெரியவந்தால் யாருக்கும் நல்லதில்லை.

விலைதான் சண்டை பிறக்கும் இடம். ஒரு தொகையை எழுதிப் பூட்டிவைக்காதீர்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. அதற்கு முன் எழுதிய விலையில் யாராவது விற்கச் சம்மதிப்பார்களா? வருடக் கணக்கு முடிந்ததும் நால்வரும் விலையில் கையெழுத்து வைக்கவேண்டும், இரண்டு வருடம் வைக்காவிட்டால் கம்பனியோடு தொடர்பில்லாத ஒரு கணக்காளர் மதிப்பிடவேண்டும். மதிப்பிடும்போது மழைக்கால ஈரத்தில் கட்டிபட்ட சீமெந்தையும், பழைய மொடல் டைல்ஸையும், கொந்தராத்துக்காரர்கள் ஒரு வருடத்துக்கு மேல் தராத கடனையும் கழித்துவிடுங்கள். இவற்றைக் கழிக்காமல் வந்த 6 கோடி, கழித்தால் 5 கோடியாகக்கூட இறங்கலாம். அப்படியானால் ஒரு பங்கு ஏறக்குறைய 41,700 ரூபாதான். இந்தக் கணக்கை மூன்று பிள்ளைகளும் இருக்கும்போது போடுங்கள்.

கட்டடத்தை இதில் கலக்கவேண்டாம். அதை மனைவிக்கு எழுதி, கம்பனி அவருக்கு வாடகை கொடுக்கும்படி நீண்ட குத்தகை ஒன்றைப் பதிவு செய்யுங்கள். அவருக்கு மாத வருமானம் இருக்கும், மூத்தவனுக்கும் கடை இடம் பறிபோகாது. அவருக்குப் பிறகு கட்டடம் யாருக்கு என்பதை அவருடைய மரணசாசனம் சொல்லட்டும்.

ஒன்று மிஞ்சுகிறது. மூத்தவனே உங்களுக்கு முந்திப் போனால் அவனுடைய 100 பங்கை அவன் மனைவியிடமிருந்து நீங்கள் வாங்க ஒப்பந்தத்தில் வழி வையுங்கள். அவன் இளம் வயதில் இருப்பதால் அந்தச் சிறு தொகைக்கான பொலிசி உங்களுடையதைவிட மிக மலிவாகக் கிடைக்கும்.