பிரிட்ஜ் கையின் வடிவங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 13 சீட்டை நாலு சூட்டுக்கும் பிரித்தால் 4-3-3-3தான் மிகச் சமமான பிரிவு. அப்படியிருக்க, 4-4-3-2 அதைவிட அடிக்கடி வருவது ஏன்?

உங்கள் உள்ளுணர்வு பாதி சரி. ஸ்பேடில் நான்கு, மற்ற மூன்றிலும் மும்மூன்று என்று சூட்டின் பெயரையும் சொல்லிவிட்டால், அப்படிப்பட்ட கைகள் சுமார் 1,672 கோடி இருக்கின்றன. ஸ்பேடில் நான்கு, ஹார்ட்டில் நான்கு, டைமண்டில் மூன்று, கிளப்பில் இரண்டு என்றால் 1,140 கோடிதான். இந்த எண்கள் எப்படி வருகின்றன? ஒரு சூட்டின் 13 சீட்டில் நான்கை 715 விதமாக எடுக்கலாம், மூன்றை 286 விதமாக, இரண்டை 78 விதமாக. ஆக முதல் கைக்கு 715 × 286 × 286 × 286. இரண்டாவதற்கு 715 × 715 × 286 × 78.

ஆனால் நாம் '4-3-3-3' என்று சொல்லும்போது எந்த சூட்டில் நான்கு என்று பார்ப்பதில்லை. அந்த நான்கு சீட்டு சூட்டாக இருக்க நாலு வாய்ப்புதான். 4-4-3-2-இல் இரண்டு சீட்டு சூட் எது, மூன்று சீட்டு சூட் எது என்று மாற்றி மாற்றி வைத்தால் 12 வழி. தனியாக எடுத்தால் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, ஆனால் வழிகள் மூன்று மடங்கு. கடைசியில் 4-4-3-2 சுமார் 21.5 சதவீதமும், 4-3-3-3 10.5 சதவீதமும் வருகின்றன. 5-3-3-2 வடிவத்துக்கும் 12 வழி, அது 15.5 சதவீதம். மூன்றையும் கூட்டினால் 47.6 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒரு கை நோ டிரம்ப்புக்கு ஏற்ற வடிவம்தான்.

கேள்வி: அப்படியானால் 7-6-0-0 ஏன் வருவதே இல்லை? அதற்கும் 12 வழி இருக்கிறதே?

நல்ல கேள்வி. வழிகள் சமம் என்பதால் பெருக்கலை மட்டும் பார்த்தால் போதும். ஏழு சீட்டை எடுக்க 1,716 விதம், ஆறை எடுக்கவும் 1,716 விதம். இல்லாத சூட்டை 'எடுக்க' ஒரே விதம்தான், அதாவது பெருக்கலில் வெறும் 1. மொத்தம் 29 லட்சத்துச் சொச்சம். 1,140 கோடிக்குப் பக்கத்தில் இது எம்மாத்திரம்? 4-4-3-2 இதைவிட ஏறத்தாழ 3,900 மடங்கு அதிகம் வரும். சுமார் 18,000 கைக்கு ஒரு 7-6-0-0. விடாமல் ஆடுகிறவர் ஒன்றைப் பார்த்துவிடலாம். அன்றைக்கு ஏலத்தில் சொதப்பாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: 4-4-4-1, 5-4-3-1 இரண்டிலும் ஒரு சிங்கிள்டன். எது அதிகம்?

5-4-3-1தான், நான்கு மடங்குக்கும் மேல் (12.9-க்கு 3 சதவீதம்). நாலு எண்ணும் வேறு வேறு என்பதால் அதற்கு 24 வழி.

கேள்வி: எங்கள் கிளப்பில் கம்ப்யூட்டர் போடும் கைகள் எல்லாம் கோணல்மாணலாக இருக்கின்றன. வீட்டில் ஆடும்போது இப்படி வருவதில்லையே?

சந்தேகப்பட வேண்டியது வீட்டுச் சீட்டுக்கட்டைத்தான். ஆடி முடித்த கட்டில் ஒவ்வொரு பிடியிலும் பெரும்பாலும் ஒரே சூட்டுச் சீட்டுகள் நான்கு சேர்ந்து கிடக்கும். அரைகுறையாகக் கலைத்து, ஒவ்வொன்றாக நாலு பேருக்கும் போட்டால், அந்த நான்கும் ஆளுக்கு ஒன்றாகப் போய்விடும். எல்லோருக்கும் தட்டையான கை. இரண்டாகப் பிரித்து இடைச்செருகிக் கலைப்பதை ஏழு முறையாவது செய்ய வேண்டும் என்று கணிதவியலாளர்கள் பேயர், டயக்கோனிஸ் இருவரும் 1992-இல் காட்டினார்கள். வீட்டில் யார் அவ்வளவு பொறுமையாகக் கலைக்கிறார்கள்?

கம்ப்யூட்டரைச் சோதிக்க விரும்பினால், சிங்கிள்டனோ வாய்டோ உள்ள கைகளை எண்ணுங்கள். நூற்றுக்கு 36 வாக்கில் வர வேண்டும். ஒரு மாலை ஆட்டம் போதாது. சில வாரக் கைகளைச் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு நிலைக்கு வரும்.

கேள்வி: நாலு பேருக்கும் ஆளுக்கொரு முழு சூட் வந்ததாகச் செய்தி படித்தேன். நம்பலாமா?

ஒருவருக்கு மட்டும் 13 சீட்டும் ஒரே சூட்டில் வர 15,875 கோடியில் ஒரு வாய்ப்பு. நாலு பேருக்கும் என்றால் எதிரே நிற்பது 28 இலக்க எண். ஆனால் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. புதுக் கட்டில் சீட்டுகள் சூட் வாரியாக அடுக்கியிருக்கும். அதைச் சரிபாதியாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்று பிசகாமல் செருகி இரண்டு முறை கலைத்தால், சூட்டுகள் நாலும் மாறி மாறி வரிசையாக நிற்கும். அப்புறம் ஒவ்வொன்றாகப் போட்டால் ஆளுக்கொரு சூட்! கை தேர்ந்தவர்களுக்கு இது தற்செயலாகவே நடக்கலாம், வேண்டுமென்றும் செய்யலாம். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், கட்டு புதிதா, எத்தனை முறை கலைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.