கல்லாவும் சம்பளமும்

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல் பக்கம் சின்ன ஊர் ஒன்றில் 12 வருடமாக மளிகைக்கடை வைத்திருக்கிறேன். கட்டடம் சொந்தம். நானும் மனைவியும் பார்த்துக்கொள்கிறோம், ஒரு பையன் வேலைக்கு இருக்கிறான். வியாபாரம் குறையவில்லை. வீட்டுக்கு வேண்டியதைக் கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சேமிப்பு என்று எதுவும் இல்லை. எனக்கு நானே சம்பளம் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். என் பணத்தை எனக்கே கொடுப்பதில் என்ன லாபம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சம்பளம் எவ்வளவு என்று யோசிப்பதற்கு முன்னால், கடை உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று தெரிய வேண்டும். பேரேடு எழுதாத கடையிலும் இதைக் கண்டுபிடிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் 'நிலை அறிக்கை' என்று சொல்லிக்கொடுக்கும் முறைதான்.

ஏப்ரல் 1 அன்று கடையில் இருக்கும் சரக்கைக் கொள்முதல் விலைக்கு எண்ணுங்கள். காலாவதியான பாக்கெட்டுகளைச் சேர்க்காதீர்கள். கைரொக்கம், வங்கி இருப்பு, வந்துவிடும் என்று நம்பக்கூடிய கடன் பாக்கி ஆகியவற்றைக் கூட்டி, மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியதைக் கழியுங்கள். மீதிதான் உங்கள் முதல். அடுத்த மார்ச் 31 அன்று மறுபடி இதையே செய்யுங்கள். இடைப்பட்ட வருடத்தில் வீட்டுக்குப் போன எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ரொக்கம் மட்டுமல்ல, வீட்டுக்கு எடுத்துப்போன அரிசி, எண்ணெய், கடைக் கணக்கிலிருந்து கட்டிய பள்ளிக் கட்டணம், சீட்டுத் தவணை, பைக் தவணை எல்லாம் அதில் வரவேண்டும்.

உங்கள் அளவு கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வருடத் தொடக்கத்தில் சரக்கு 7 லட்சம், ரொக்கமும் வங்கியும் 90,000, வரவேண்டியது 60,000. தரவேண்டியது 2.5 லட்சம். முதல் 6 லட்சம். வருட முடிவில் சரக்கு 7.4 லட்சம், ரொக்கமும் வங்கியும் 50,000, வரவேண்டியது 1.1 லட்சம், தரவேண்டியது 3.6 லட்சம். முதல் 5.4 லட்சம். அலமாரி முன்பைவிட நிறைந்திருக்கிறது, ஆனால் 60,000 ரூபாய் காணாமல் போயிருக்கிறது. கூடுதல் சரக்கெல்லாம் மொத்த வியாபாரியின் பணம். கடையில் நின்று பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியாது.

அந்த வருடம் வீட்டுக்குப் போனது 6.6 லட்சம் என்றால், கடையின் உண்மையான லாபம் 6 லட்சம். மாதம் 50,000 வருகிறது, 55,000 போகிறது.

இப்போது அந்த 50,000 எதற்கான கூலி என்று பாருங்கள். உங்கள் இடத்தில் ஒருவரை உட்காரவைத்தால் 25,000 கொடுப்பீர்கள். உங்கள் மனைவியின் அரை நாள் உழைப்புக்கு 7,000. கட்டடத்தை வெளியே விட்டால் 8,000 வாடகை வரும். இவை மூன்றும் சேர்ந்த 40,000 போக மிஞ்சும் 10,000 மட்டுமே வியாபாரத்தின் லாபம். சொத்து சேர வேண்டியது அதிலிருந்துதான். இதுவரை அது வீட்டுச் செலவுக்குள்ளேயே கரைந்திருக்கிறது. எனக்குக் கவலை தருவது இதுதான்: வேலை, வாடகை, லாபம் மூன்றும் ஒரே கல்லாவில் கிடந்தால், எதைத் தின்கிறோம் என்றே தெரியாது.

55,000த்தை ஒரே நாளில் 40,000 ஆக்கச் சொல்லமாட்டேன், குடும்பம் தாங்காது. முதல் வருடம் 45,000 வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தேதியில் கடைக் கணக்கிலிருந்து வீட்டுக்கான தனி வங்கிக் கணக்குக்கு அது போகட்டும். வீட்டு மளிகைக்கும் பில் போட்டு அந்தப் பணத்திலிருந்தே கட்டுங்கள். மிஞ்சும் 5,000 மொத்த வியாபாரியின் பாக்கியை அடைக்கட்டும். வருடத்தில் அந்த 60,000 சரியாகிவிடும். இடையில் கல்லாவைத் தொட நேர்ந்தால் ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள். மாதாமாதம் சீட்டுகள் குவிந்தால், வைத்த தொகை வீட்டுக்குப் போதவில்லை என்று பொருள். அப்போது வீட்டுச் செலவைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டியதுதான், கடையைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்புறம், தனி உரிமையாளர் கடையில் இந்தச் சம்பளத்தை வருமான வரிக்குச் செலவாகக் காட்ட முடியாது. வரி முழு லாபத்துக்கும்தான். ஆடிட்டர் இதை 'எடுப்பு' என்றே எழுதுவார். வரி வருமானால் அதற்கும் தனியே எடுத்துவையுங்கள்.

பாக்கி அடைந்து, வீட்டுக்கான தொகையும் மெல்ல 40,000க்கு வந்த பிறகு, மாதம் 10,000 நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் பாதியைச் சரக்குக்கு விடுங்கள், பாதியைக் கடைக்கு வெளியே கொண்டுபோங்கள். முழுவதையும் சரக்கில் போட்டால் நாளை கடை நொடிக்கும்போது எல்லாமே சேர்ந்து போகும். தனி உரிமையாளரின் கடைக்கடனுக்கு அவருடைய வீடும் நகையும் பொறுப்பு. பிபிஎஃப் என்ற அரசுச் சேமிப்புக் கணக்கில் வருடத்துக்கு 1.5 லட்சம் வரை போடலாம். 15 வருடத் திட்டம். கடன்காரர் வழக்குப் போட்டு வென்றாலும் அந்தக் கணக்கில் இருப்பதை நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது. அதனால் வெளியே எடுக்கும் பாதி முதலில் அங்கே போகட்டும்.